தேநீர் உபயம்: சுருளி

ஒச்சம்மாள் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டி போட்டிருக்கும் இருபத்தைந்து பேரில் அவள் கையெழுத்துக்கு ஈடு கிடையாது. அதற்குக் காரணம் முருகன். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த வருசம் முதல் தினமும் விடிகாலையில் நாற்பது பக்க நோட்டில் ‘ஓம் முருகா’ என்று நூற்றெட்டுத் தடவை எழுதுகிறாள். முப்பது வருசம் ஆயிற்று. ஒரு நாளும் விட்டதில்லை. “இம்புட்டுத் தடவ கூப்புட்டா மனுசனே திரும்பிப் பாத்திருப்பான்டி” என்பார் அவள் வீட்டுக்காரர் சோணைமுத்து. பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றுகிறவர். முருகன் திரும்பிப் பார்த்தானோ இல்லையோ, அவள் எழுத்து மட்டும் அவித்த கடலை மாதிரி உருண்டு திரண்டு வந்துவிட்டது.

அவள் விற்பதும் அவித்த கடலைதான். பேருந்துகள் வெளியே வரும் வாசலில் முதலாம் நம்பர் இடம் அவளுடையது. தேனி வண்டியும் கம்பம் வண்டியும் திரும்புகிற முனை. திரும்புவதற்கு டிரைவர் பிரேக்கை அழுத்தியே ஆக வேண்டும். அந்த அரை நிமிசத்தில் ஜன்னல் வழியாக ஏழெட்டுப் பொட்டலம் போய்விடும். உள்ளே இருபதாம் நம்பரில் நிற்கிறவர்கள் ஒரு பகல் முழுக்க விற்பதை அவள் பத்து மணிக்குள் விற்றுவிடுவாள். பெரிய மகளை நர்சிங் படிக்க வைத்தது அந்த முனை. சின்னவளுக்கு இன்னும் இரண்டு வருசக் காலேஜ் பாக்கி இருந்தது. அதையும் அந்த முனைதான் கட்ட வேண்டும்.

தள்ளுவண்டி வியாபாரிகள் சங்கத்துக்கு அவள் செயலாளர் ஆனது கையெழுத்தை முன்னிட்டுத்தான். முன்பு இருந்த செயலாளர் ‘வண்டிகளை ஒழுங்கு செய்ய வேண்டும்’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, அடுத்த மாதம் அதை அவரே ‘வண்டிகளை ஒழித்துக் கட்ட வேண்டும்’ என்று வாசித்து, கரும்புச்சாறு மிசினில் தலையைக் கொடுக்கப் பார்த்தார். அதாவது, மற்றவர்கள் அவர் தலையைக் கொடுக்கப் பார்த்தார்கள். அன்றைக்கே புத்தகம் ஒச்சம்மாள் கைக்கு வந்துவிட்டது.

அவளும் அதைக் கோயில் காரியம் போலத்தான் பார்த்தாள். பேனாவை எடுக்குமுன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுவாள். அடித்தல் திருத்தல் இருக்காது. மாதாமாதம் ஏழு பேர் கொண்ட செயற்குழு கூடும். என்ன பேசினார்கள், என்ன முடிவு என்று எழுதுவாள். அடுத்த கூட்டத்தில் அதை வாசிப்பாள். “சரிதானே?” என்று தலைவர் கேட்க, எல்லோரும் “சரி” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார்கள். டீ வண்டி சுருளி தூக்குப் போணியோடு வந்து ஏழு பேருக்கும் ஊற்றுவான். அதையும் அவள் விடாமல் எழுதிவைத்தாள். யார் கொடுத்தாலும், கொடுத்தவர் பேர் இருக்க வேண்டும் அல்லவா?

இந்த வருசம் முத்துப்பாண்டி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். செல்போன் கவரும் ஹெட்போனும் விற்கிறவன். இருபத்து மூன்றாம் நம்பர் இடம். அவன் இடத்துக்குப் பயணி வர வேண்டுமென்றால் வழி தவறித்தான் வர வேண்டும்.

“ஒரே ஆளு ஒரே எடத்துல ஆயுசு பூரா நிக்கிறது என்ன நாயம்ணே? வருசா வருசம் குலுக்கல் போடுவோம். எவனுக்கு எது விழுகுதோ அது.”

இடம் நிரந்தரம் என்று சங்க விதியில் இருந்தது. விதியை மாற்ற வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். இருபத்தோரு நாள் முந்தியே எல்லோருக்கும் நோட்டீசு கொடுத்து, கூட்டத்துக்கு வந்தவர்களில் ஓட்டுரிமை உள்ளவர்களை நாலு பங்காக்கினால் மூன்று பங்கு பேர் ஆதரிக்க வேண்டும். அந்த நோட்டீசையும் ஒச்சம்மாள்தான் எழுதினாள். தன் இடத்துக்குத் தானே உலை வைக்கிற காகிதத்தை, இருபத்தைந்து பிரதி, அழகாக.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பக்கத்து லாட்ஜ் மொட்டை மாடியில் கூட்டம். லாட்ஜ்காரர் புண்ணியத்தில் இடம் இலவசம். ஆனால் கொடியில் காய்கிற நாற்பது படுக்கை விரிப்புக்கு நடுவே உட்கார வேண்டும். காற்றடித்தால் பேசுகிறவர் முகத்தில் விரிப்பு விழுந்து மூடிக்கொள்ளும். சில பேர் பேசும்போது அது நல்லதாகத்தான் இருந்தது.

தலைவர் காசிமாயன், கரும்புச்சாறு வண்டிக்காரர். பொருளாளர் லட்சுமிநாராயணன், துண்டு, கைக்குட்டை விற்கிறவர். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் தமிழ், இரண்டிலும் சத்தம் வராமல் பேசுவார். ஐந்து மாதம் முந்திதான் பொறுப்புக்கு வந்திருந்தார். இருபத்தைந்து பேரும் வந்திருந்தார்கள். வருகைப் பக்கத்தில் இருபத்தைந்து கையெழுத்து. அதில் நாலு கட்டை விரல் ரேகை.

முத்துப்பாண்டி பேசினான். ஒச்சம்மாள் பேசவில்லை. அவளுக்காகச் சுருளிதான் எழுந்தான்.

“மாப்ள, இருவது வருசமா புகையத் தின்னு ஒரு எடத்தப் பழக்கி வச்சிருக்கு எங்க அக்கா. நீ நேத்து வந்து சீட்டுக் குலுக்கிப் புடுங்குவியா? ஒன் பொண்டாட்டியயும் வருசா வருசம் குலுக்கல்லதான் எடுப்பியா?”

மாடியே சிரித்தது. முத்துப்பாண்டியும் சிரித்துத் தொலைத்தான். பிறகு காசிமாயன் கையைத் தூக்கச் சொன்னார்.

ஆதரவுக் கைகளை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள். பதினெட்டு. எதிர்ப்புக் கைகள் ஏழு. அதில் ஒன்று ஒச்சம்மாளுடையது. பேனாவோடு தூக்கியிருந்தாள். இன்னொன்று சுருளியுடையது. டீ கிளாசோடு தூக்கியிருந்தான்.

“பதினெட்டுக்கு ஏழு. அப்ப முத்துப்பாண்டி ஜெயிச்சுட்டான்” என்றார் ஒருத்தர்.

“அது எப்படி? நாலுல மூணு பங்கு வரணும்ல” என்றார் காசிமாயன். அவருக்கும் கணக்கு உடனே வரவில்லை. “ஒச்சம்மா, கடல இருக்கா?”

அவள் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. காசிமாயன் செய்தித்தாளை விரித்து இருபத்தைந்து கடலையை எண்ணிப் போட்டார். நாலு குவியலாகப் பிரித்தார். குவியலுக்கு ஆறு, மிச்சம் ஒன்று.

“மூணு குவியல்னா பதினெட்டு. இந்த மிச்சக் கடலையிலயும் முக்கால்வாசி மூணு பங்குக்குச் சேரணும். அப்ப பதினெட்டே முக்கால். கடலைல முக்கால் இருக்கும், ஆளுல ஏது முக்கால்? அப்ப பத்தொம்பது கை வேணும். ஒரு கை கொறையுது.”

ஒச்சம்மாள் மனசுக்குள் முருகனைக் கும்பிட்டாள். முக்கால் கடலையில் காப்பாற்றிவிட்டானே என்று கண் கலங்கியது. ‘தீர்மானம் தோல்வி’ என்று எழுதப் பேனாவைக் கண்ணில் ஒற்றினாள்.

“தலைவரே, இன்னும் முடிவச் சொல்லலைல?” என்று எழுந்தான் முத்துப்பாண்டி. “கை தூக்குன அம்புட்டுப் பேரும் சந்தா கட்டுனவங்கதானா? ஒம்பதாம் விதியப் பாருங்க.”

ஒன்பதாம் விதி எல்லோருக்கும் தெரியும். மாதச் சந்தா ஐம்பது ரூபாய். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவர் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது. இதை ஓட்டுக்கு முந்தியே பார்த்திருக்க வேண்டும். லட்சுமிநாராயணனுக்கு நாலு பேர் முன்னால் ஒருவர் பேரைச் சொல்லக் கூச்சம். இப்போது கேட்டுவிட்டார்கள், வேறு வழியில்லை. நோட்டைத் திறந்தார். இந்த ஓட்டுக்காக முந்தின வாரமே எல்லோரும் வரிசையில் நின்று கட்டியிருந்தார்கள்.

“எல்லாரும் சரியா இருக்காங்க” என்று நிறுத்தினார். “சுருளி மட்டும்... அஞ்சு மாசம்.”

சுருளி குதித்தான். “நானா பாக்கி? யோவ் லட்சு அண்ணே, நாக்குல நரம்பில்லாமப் பேசாதீங்க. பழைய தலைவர் சொன்னாரு: ‘டீய நீ பாத்துக்க, சந்தாவ நாங்க பாத்துக்கறோம்’னு. மாசம் ஏழு டீ, எழுவது ரூவா. சந்தா அம்பது. சங்கந்தான் எனக்குப் பாக்கி!”

பழைய தலைவர் திருப்பூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். அவர் இருந்தவரைக்கும் பழைய பொருளாளர் சுருளி பேருக்கு நேரே கேள்வி கேட்காமல் டிக் போட்டுவந்தார். லட்சுமிநாராயணனோ கையில் காசு வந்தால்தான் எழுதுவார்.

“அப்புடி ஒரு பேச்சு இருக்கறதா எங்கிட்ட யாரும் சொல்லலையே தம்பி.”

சுருளி சட்டைப் பையிலிருந்து காசை உருவினான். “இந்தாங்க எரநூத்தி அம்பது. இப்பவே கட்டுறேன். கை செல்லும்ல?”

“கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முந்தி கட்டியிருக்கணும்” என்றார் காசிமாயன். “விதில அப்படித்தான் இருக்கு. நடுவுல கட்டுனா அடுத்த கூட்டத்துக்குத்தான். ஆனா நீ டீ குடுத்தது சந்தாவுக்குக் கழிவுன்னு எழுத்துல இருந்தா, பாக்கியே இல்லன்னு ஆயிரும்.”

“எழுத்துல இருக்குண்ணே! அக்கா மாசாமாசம் எம் பேர எழுதி வாசிச்சுச்சு. நான் போணியோட நின்னு கேட்டிருக்கேன். அக்கா, வாசி!”

ஒச்சம்மாளுக்கு உயிர் வந்தது. பக்கத்தைப் புரட்டினாள். விரலுக்கு நேரே அந்த வரி இருந்தது. உருண்டு திரண்டு, மைக் கசிவு இல்லாமல். வாசித்தாள்.

“தேநீர் உபயம்: சுருளி அவர்கள்.”

அடுத்த மாதம். “தேநீர் உபயம்: சுருளி அவர்கள்.” அதற்கடுத்த மாதமும் அதேதான். ஐந்து மாதமும்.

ஐந்தாவதை வாசிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. காற்றில் ஒரு விரிப்பு படபடத்தது.

லட்சுமிநாராயணன்தான் மெதுவாகச் சொன்னார். “உபயம்னா... குடுத்தது. திரும்பக் கேக்கக் கூடாதே.”

“அதானே!” என்றான் முத்துப்பாண்டி. “கோயில்ல டியூப்லைட்டு வாங்கி மாட்டி, வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேர எழுதிப்புட்டு, வீட்டுக் கரண்ட்டு பில்லுல கழிச்சுக்கச் சொல்லுவானா ஒருத்தன்? மாப்ள, நீ புண்ணியத்துல சேத்துட்ட. சந்தாவுல சேக்கல.”

“அக்கா!” என்று திரும்பினான் சுருளி. “நீ ஏன்க்கா உபயம்னு எழுதுன? நான் என்ன கொடிமரமா நட்டேன்? டீதானே ஊத்துனேன்!”

“ஒனக்கு மரியாதையா இருக்கட்டும்னுதான்டா எழுதுனேன். வாசிச்சப்ப நீயும் பல்லக் காட்டிக்கிட்டுத்தானே நின்ன?”

“எம் பேருக்குப் பின்னால ‘அவர்கள்’னு வந்துச்சுக்கா. அதுல மயங்கிட்டேன்.”

காசிமாயன் கையமர்த்தினார். “இரு. எழுதுனவ இங்கேயே இருக்கா. கேட்டுருவோம். ஒச்சம்மா, பழைய தலைவரும் சுருளியும் பேசிக்கிட்டது ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சு, வார்த்த மட்டும் மாறிப்போயிருச்சா? இல்ல, தெரியாமத்தான் எழுதுனியா? நீ சொல்லு. நான் முடிவு சொல்றேன்.”

இருபத்து நாலு முகமும் அவளைப் பார்த்தன. சுருளி கண்ணாலேயே கும்பிட்டான். ‘தெரியும்’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அவன் கை உயிர் பெறும், ஏழு ஏழாகவே நிற்கும், அந்த முனை அவளுக்கே இருக்கும். முத்துப்பாண்டியால்கூட மறுக்க முடியாது. அவள் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க யாரால் ஆகும்?

ஒருத்தனால் ஆகும். அவனைத்தான் தினமும் நூற்றெட்டுத் தடவை கூப்பிட்டுத் தொலைத்திருக்கிறாள். நூறோடு நிறுத்தியிருந்தாலாவது இவ்வளவு பழக்கம் ஆகியிருக்காது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

“எனக்குத் தெரியாதுண்ணே” என்றாள். “அவன் சும்மாத்தான் குடுக்குறான்னு நெனச்சேன். அந்த நெனப்புலதான் எழுதுனேன்.”

காசிமாயன் பெருமூச்சு விட்டார். “அப்ப சுருளிக்கு இன்னைக்கு ஓட்டு இல்ல. அவன் கையைக் கழிக்கணும்.”

“கழிச்சா என்ன ஆகும்?” என்றாள் மாங்காய்க் கீற்று விற்கிற சோலையம்மாள். கடைசி இடம், இருபத்தைந்தாம் நம்பர், கழிப்பறைச் சுவரை ஒட்டி. பதினோரு வருசம். “எதிர்ப்புதானே ஒண்ணு கொறையுது. ஆதரவு அதே பதினெட்டுதானே? பத்தொம்பது ஆகலையே?”

மறுபடியும் கடலைக்கு வந்தார்கள். ஏழு கடலை இருந்த பக்கத்திலிருந்து காசிமாயன் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். “இது சுருளி.” மிச்சம் இருபத்து நாலை நாலு குவியலாக்கினார். குவியலுக்கு ஆறு. மிச்சம் இல்லை. மூன்று குவியலைச் சேர்த்தார். பதினெட்டு.

அத்தனை பேரும் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆதரவுக் கை ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் தோற்றிருந்த தீர்மானம் ஜெயித்துவிட்டது.

“இது என்ன கண்கட்டு வித்தையா இருக்கு!” என்றார் லட்சுமிநாராயணனே சத்தமாக.

“வித்த இல்லண்ணே. மொத்தமே கொறஞ்சுபோச்சு. இருவத்தஞ்சுக்குப் பத்தொம்பது வேணும். இருவத்து நாலுக்குப் பதினெட்டு போதும்” என்றார் காசிமாயன்.

சுருளி குனிந்து, தனியே கிடந்த தன் கடலையை எடுத்தான். உரித்தான். வாயில் போட்டு மென்றான்.

“ஏன்டா திங்கிற?” என்றார் காசிமாயன்.

“செல்லாத ஓட்டுத்தானே. கெடந்து என்ன செய்யப்போகுது?”

அழுதுகொண்டிருக்க வேண்டிய ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

எழுத உட்கார்ந்தாள். பக்கத்தில் குனிந்து காசிமாயன் மெல்லச் சொன்னார்: “பதினெட்டுக்கு ஆறுன்னு மட்டும் எழுதிரு ஒச்சம்மா. சுருளி கத எதுக்கு? பாவம், அவனுக்கும் மானம் போகுது.”

“வருகையில இருவத்தஞ்சு கையெழுத்து இருக்குண்ணே. பதினெட்டும் ஆறும் இருவத்து நாலு. மிச்சம் ஒரு ஆளு எங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். விரிப்புக்குள்ள சுத்தி வச்சிருக்கோம்னு சொல்லவா?”

காசிமாயன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவள் எழுதினாள்:

‘வருகை 25. கை தூக்கி எண்ணியதில் முதலில் ஆதரவு 18, எதிர்ப்பு 7. முடிவு அறிவிக்குமுன் முத்துப்பாண்டி விதி 9-ஐச் சுட்டிக்காட்டினார். சுருளிக்கு ஐந்து மாதச் சந்தா ரூ.250 பாக்கி என்று பொருளாளர் நோட்டைப் பார்த்துச் சொன்னார். தேநீருக்கு ஈடாகச் சந்தா கழிப்பதாகப் பழைய தலைவர் வாய்ச்சொல் கொடுத்தார் என்று சுருளி ஆட்சேபித்தார். அப்படி எழுத்தில் இல்லை. ஆகவே அவருக்கு இன்று வாக்குரிமை இல்லை என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அவர் எதிர்ப்பு வாக்கு நீக்கப்பட்டது. வாக்குரிமை உள்ளோர் 24. ஆதரவு 18. எதிர்ப்பு 6. நடுநிலை இல்லை. தேவை 18. சிறப்புத் தீர்மானம் நிறைவேறியது.’

‘எதிர்ப்பு 6’ என்று எழுதும்போது அதில் ஒன்று தான்தான் என்று நினைத்துக்கொண்டாள். எழுத்து கோணவில்லை. கோணினால் தேவலை என்றுகூட இருந்தது.

எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். “எம் பேருக்குப் பின்னால ‘அவர்கள்’ போடலையேக்கா” என்றான் சுருளி. “பாக்கி வச்சவனுக்கு என்னடா அவர்கள்?” என்றான் முத்துப்பாண்டி. தலைவர் கையெழுத்துப் போட்டார்.

திருத்திய விதியைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பி, அது பதிவாகி வர இரண்டு மாதம் ஆயிற்று. பழைய வாய்ச்சொல்லைப் பற்றிச் செயற்குழு பேசி, இனிமேல் டீக்குக் காசு, சந்தாவுக்கு ரசீது, இரண்டும் தனித்தனி என்று முடிவு கட்டியது. பிறகு குலுக்கல். சீட்டு எழுதியதும் அவள்தான். முத்துப்பாண்டிக்கு இருபத்து நாலு விழுந்தது. முன்பைவிட ஒரு இடம் பின்னால். அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஆறு, ஒம்பது மாதிரி இதையும் தலகீழாப் புடிக்கலாமா மாப்ள?” என்று சுருளி விசாரித்தான். ஒச்சம்மாளுக்குப் பதினாறு. முதலாம் நம்பர் சோலையம்மாளுக்கு.

சோலையம்மாள் சீட்டை எடுத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வாசிக்கத் தெரியாது. ஒச்சம்மாள்தான் வாசித்துச் சொன்னாள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சோணைமுத்து வீட்டில் சத்தம் போட்டார். “ஒரு வார்த்த, ‘தெரியும்’னு சொல்லியிருந்தா? காலேஜுக்கு யாரு கட்டுவா, ஒன் முருகனா?” அவர் சொன்னதில் தப்பு இல்லை. மறுநாளிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் முந்தி அடுப்புப் பற்ற வைத்தாள். வண்டி நிற்காத இடத்தில் நிற்கிறவள் கூடையோடு உள்ளே நடக்க வேண்டும். நடந்தாள். முழங்கால் வலித்தது.

மூன்றாம் நாள் சோலையம்மாள் வாசலில் தட்டோடு தவித்துக்கொண்டிருந்தாள். தேனி வண்டி திரும்பியது. அவள் பேருந்தின் முன்வாசலுக்கு ஓடினாள். அதற்குள் வண்டி போய்விட்டது. அடுத்ததற்கும் அதே கதைதான். ஒச்சம்மாள் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தாள். போய்விடலாம் என்றுகூட இரண்டு எட்டு வைத்தாள். பிறகு கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

“முன்னால ஓடாத சோலை. முன்னால ஒக்காந்திருக்கவன் வீட்டுல சாப்புட்டு, எடம் புடிச்சு ஏறுனவன். கடைசில ஓடி வந்து தொத்துனவந்தான் பின் சீட்டுல இருப்பான். பின் ஜன்னலுக்குப் போ. பசி அங்கதான் இருக்கும்.”